அக்கா தோளுக்குப் பின்னால் கேமரா

சாப்பாட்டு மேசையில் அக்காவும் தம்பியும் எதிரெதிரே. நடுவில் வீட்டுப் பத்திரம். "இதுல ஒரு கையெழுத்துப் போடுக்கா" என்கிறான். "அம்மாவுக்குத் தெரியுமா?" கொஞ்சம் தாமதித்து, "தெரியும்" என்கிறான். அவள் காபி டம்ளரைத் தள்ளிவைக்கிறாள். "பொய் சொல்லாத."

இதற்கு ஷாட் பிரிக்க உட்கார்ந்தால் முதலில் தேட வேண்டியது, காட்சி எங்கே திரும்புகிறது என்பதை. இங்கே அது வசனத்தில் இல்லை, அவன் பதில் சொல்லத் தாமதிக்கும் அந்த இடைவெளியில் இருக்கிறது. அதில் பென்சிலால் ஒரு கோடு.

கோட்டுக்கு முன்பு அவர்கள் அக்கா தம்பிதான். மேசையும் இருவரும் தெரியும் மாஸ்டரில் தொடங்கி, சஜஷனுக்குப் போகலாம். ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவர் முகத்தை எடுப்பதைத்தான் நம் படப்பிடிப்புகளில் சஜஷன் என்பார்கள். சட்டத்துக்குள் இன்னும் இருவர் இருக்கிறார்கள். கோட்டுக்குப் பின்பு தனித்தனி குளோசப். தோள் போய்விட்டது, அவரவர் தனி.

தனி ஷாட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சஜஷனில் அக்காவின் தோளும் அசைவதால், அந்த மௌனம் நடித்த நேரத்துக்குத்தான் ஓடும். தம்பி மட்டும் தெரிந்தால், நடுவே அக்காவின் முகத்தைச் செருகி எடிட்டர் ஒரு விநாடியை மூன்றாக்கலாம். மாஸ்டரிலும் சஜஷனிலும் டம்ளரைத் தள்ளிய கை மாறிவிட்டால் வெட்டு உறுத்தும். தம்பியின் தனி ஷாட்டில் அந்தத் தொல்லையும் இல்லை.

ஆக மாஸ்டர் ஒன்று, சஜஷன் இரண்டு, தனி இரண்டு. எடுக்கும் வரிசை கதை வரிசை அல்ல. மாஸ்டர் முடிந்ததும் அக்காவைப் பார்க்கும் இரண்டையும் ஒரே லைட்டிங்கில் முடித்துவிட வேண்டும். பிறகுதான் விளக்குகளைத் திருப்பித் தம்பி பக்கம். மாற்றி மாற்றி எடுத்தால் விளக்கு நகர்த்துவதிலேயே பொழுது போய்விடும். தம்பிக்கும் அதே லென்ஸ், அதே தூரம். இல்லாவிட்டால் ஒரு முகம் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் தெரியும்.

இருவருக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கேமரா அதைத் தாண்டக்கூடாது. மாஸ்டரில் அக்கா இடப்பக்கம் உட்கார்ந்து வலப்பக்கம் பார்த்தால், குளோசப்பிலும் வலப்பக்கமே பார்க்க வேண்டும், தம்பி இடப்பக்கம். தாண்டிவிட்டால், இருவரும் சுவரிலுள்ள ஒரே காலண்டரைப் பார்த்துப் பேசுவது போலிருக்கும். ஸ்பாட்டில் இது கண்ணில் படாது. எடிட்டிங்கில் இரண்டையும் ஒட்டும்போதுதான் தெரியும். அதற்குள் வீட்டுக்காரர் மேசையை எடுத்து வைத்திருப்பார்.

வெளிச்சம் இறங்கி ஒரு ஷாட்டைக் கைவிட நேர்ந்தால், நான் விடுவது அக்காவின் சஜஷனை. தொடக்கத்துக்கு மாஸ்டர் போதும். தம்பியின் தனி ஷாட்டை விடமாட்டேன். அதை எடுக்கும்போது அக்காவாக நடிப்பவரைக் கேரவனுக்கு அனுப்பவும் மாட்டேன். லென்ஸை ஒட்டி உட்கார்ந்து அவர்தான் "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்க வேண்டும். உதவி இயக்குநர் தாளைப் பார்த்து வாசித்தால், தம்பிக்குப் பொய் சொல்ல ஆள் இல்லை.