தூய மழையும் அமிலம்தான்

காய்ச்சி வடித்த நீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, மூடாமல் வைத்துவிட்டுச் சில மணி நேரம் கழித்து அதன் பி.எச். அளவைப் பாருங்கள். அமிலமும் காரமும் அல்லாத 7-ல் இருந்த நீர் 5.6-ஐ நோக்கி இறங்கியிருக்கும். யாரும் எதையும் கலக்கவில்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கிறது. மேகத்திலிருந்து விழும் துளிக்கும் இதுவே நேர்கிறது.

கரைந்த வாயு நீருடன் சேர்ந்து கார்பானிக் அமிலமாகி, ஹைட்ரஜன் அயனிகளை வெளிவிடுகிறது. அயனி கூடினால் பி.எச். எண் குறையும். ஆனால் இது வலுவற்ற அமிலம். கரைந்த மூலக்கூறுகளில் ஏறத்தாழ ஏழில் ஒன்றுதான் அயனியைத் தருகிறது. மற்றவை அப்படியே கிடக்கின்றன. அதனால் காற்றில் வாயு பெருகும் அளவுக்கு மழையின் புளிப்பு ஏறுவதில்லை. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. கணக்குப் போட்டால் மழையின் பி.எச். 5.7-லிருந்து 5.6-க்குத்தான் வருகிறது. அமில மழைக்கும் இந்த வாயுவையே காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. அது சரியல்ல.

உண்மையான காரணம் நிலக்கரிப் புகையில் வரும் கந்தக டை ஆக்சைடும், இயந்திரங்கள் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும். இவை காற்றிலும் மேகத்திலும் கந்தக அமிலமாக, நைட்ரிக் அமிலமாக மாறுகின்றன. இரண்டும் மழைநீரில் ஏறக்குறைய முழுமையாகப் பிரிந்து அயனிகளைக் கொட்டிவிடும்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹப்பார்ட் புரூக் என்ற மலைக்காடு இருக்கிறது. 1963-ல் சூழலியலாளர் ஜீன் லைக்கன்ஸும் அவரது சகாக்களும் அங்கே எடுத்த முதல் மழைநீர் மாதிரியின் பி.எச். 3.7. எண்ணில் ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு. ஆகவே இது 5.6-ஐவிட ஏறக்குறைய எண்பது மடங்கு. பக்கத்தில் பெரிய ஆலை எதுவும் இல்லை. பல நூறு கிலோமீட்டர் மேற்கே, நிலக்கரி எரித்த அனல் மின்நிலையங்களின் புகை காற்றோடு வந்து அங்கே மழையாக இறங்கியது.

5.6-க்குக் கீழே போனாலே மாசு என்று முடிவுகட்டவும் முடியாது. எரிமலையும் கடல் நுண்ணுயிரிகளும் கந்தக வாயுக்களை விடுகின்றன. மின்னலும் நைட்ரஜன் ஆக்சைடை உண்டாக்குகிறது. ஆலைகளே இல்லாத தீவுகளில்கூட 5-ஐ ஒட்டிய மழை பெய்வதுண்டு. சுண்ணாம்புத் தூசி பறக்கும் ஊர்களிலோ அது அமிலத்தை முறித்து எண்ணை மேலே தள்ளிவிடும். ஆகவே ஆய்வாளர்கள் பி.எச். அளவோடு நிற்பதில்லை. நீரில் சல்பேட், நைட்ரேட் எவ்வளவு என்றும் அளக்கிறார்கள்.

1990-ல் அமெரிக்கா தன் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி, மின்நிலையங்கள் விடும் கந்தகத்துக்கு உச்சவரம்பு வைத்தது. ஹப்பார்ட் புரூக் மழையின் புளிப்பும் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் காடு உடனே தேறவில்லை. பல பத்தாண்டு மழை மண்ணின் கால்சியத்தைக் கரைத்து ஓடையில் விட்டிருந்தது. 1999-ல் அங்கே ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியின் மேல் ஹெலிகாப்டரிலிருந்து கால்சியம் சிலிகேட்டைத் தூவினார்கள். அடுத்த ஆண்டுகளில் அந்தப் பகுதியின் மேப்பிள் மரங்கள் தேறி வளர்ந்தன.