பில்லோடு போகக் கூடாத கடிதம்

பெரிய வேலை ஒன்றை முடித்துக் கொடுத்ததும் வாடிக்கையாளருக்கு நன்றி மின்னஞ்சல் அனுப்புகிறோம். கடைசி பில்லையும் அதிலேயே இணைத்துவிடுகிறோம். காரியம் கெடுவது அங்கேதான். பில் இருக்கும் கடிதம் நேராகக் கணக்குப் பிரிவுக்குப் போய்விடும். நன்றியை யாரும் படிக்கப் போவதில்லை.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்குச் சரக்குக் கணக்கு மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒப்படைத்த அன்றே நற்சான்று கேட்டால் முதலாளி என்ன சொல்வார்? துணி சாயப்பட்டறைக்குப் போய்த் திரும்பி, எடைக் குறைவு சரியாகப் பதிவாகி, ஒரு மாதக் கணக்கு முடிந்தால்தான் அவருக்கே அதன் பயன் தெரியும். பாக்கியும் வந்து, சில்லறைக் குறைகளையும் தீர்த்த பிறகு இப்படி எழுதலாம்:

“ஐயா, வணக்கம். சரக்குக் கணக்கு ஒரு மாதமாகத் தடங்கலின்றி ஓடுவதில் எங்களுக்கு மகிழ்ச்சி. உங்கள் ஸ்டோர் பொறுப்பாளர் பழைய டிசி புத்தகங்களை எங்களோடு உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுத்ததால்தான் இது சீக்கிரம் முடிந்தது. அவருக்கும் எங்கள் நன்றி.

ஒரு சிறு வேண்டுகோள். சாயப்பட்டறையில் எவ்வளவு துணி நிற்கிறது என்று பார்க்க முன்பு எவ்வளவு நேரம் ஆனது, இப்போது எப்படி இருக்கிறது என்று இரண்டு வரி எழுத முடியுமா? நீங்கள் சம்மதித்தால் மட்டுமே பிறரிடம் காட்டுவோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாமென்றாலும் சரி. இப்போது தோதுப்படாவிட்டால் பரவாயில்லை.”

‘எங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுங்கள்’ என்று கேட்டிருந்தால் ‘சேவை மிக நன்று’ என்றுதான் பதில் வரும். அது எந்தக் கடைக்கும் பொருந்தும். முன்பு எப்படி, இப்போது எப்படி என்று கேட்டால் அவர் தன் தொழிலைப் பற்றி எழுதுவார். அடுத்த வாடிக்கையாளர் நம்புவது அதைத்தான்.

கடிதத்தில் பரிந்துரை கேட்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரே மூச்சில் இரண்டைக் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. தவிர, திருப்பூரில் பக்கத்து நிறுவனம் பெரும்பாலும் போட்டியாளர். தன் கையில் இருக்கும் வசதியை அவருக்கும் சொல்லிக்கொடுக்க எந்த முதலாளிக்கு மனம் வரும்? அவருடைய சாயப்பட்டறைக்காரரிடமோ பிரின்டிங் யூனிட்டிடமோ அறிமுகப்படுத்தச் சொல்லுங்கள். அவர்களும் கணக்கை ஒழுங்காக வைத்தால் அவருக்கும் லாபம். அதையும் இரண்டு வரி வந்த பிறகு கேட்கலாம்.

எழுதித் தந்தால் பராமரிப்புக் கட்டணத்தில் தள்ளுபடி என்று மட்டும் சொல்லாதீர்கள். தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டுதல்கள், பரிந்துரை உண்மையான கருத்தாக இருக்க வேண்டும், விளம்பரம் செய்பவரோடு உள்ள தொடர்பு அதன் நம்பகத்தன்மையைப் பாதிக்கக்கூடும் என்றால் அதையும் வெளிப்படுத்த வேண்டும் என்கின்றன. தள்ளுபடியைச் சொல்லி வெளியிடும் நற்சான்றை யார் மதிப்பார்கள்?

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் போதும். பெரிய நிறுவனங்களில் மேலாளருக்கு அப்படி எழுதித் தர அனுமதியே இருக்காது; அவர் மௌனத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.