பத்திரம் வாங்கி வர ஒரு கடிதம்

வீட்டுக் கடனை முழுதாக அடைத்தாயிற்று. கடன் வாங்கியவர் புனேயில் வேலை பார்க்கிறார். மூலப்பத்திரமும் கிரயப்பத்திரமும் மதுரைக் கிளையில் கிடக்கின்றன. அதற்காக லீவு போட்டு வர முடியாது. ஊரிலேயே இருக்கும் தங்கை போய் வாங்கி வரட்டும் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கிறார். பெரும்பாலும் அந்தக் கடிதத்தில் இருப்பது ஒரே வரிதான்: "என் சார்பில் வரும் என் தங்கையிடம் ஆவணங்களைக் கொடுத்து, தேவையானதைச் செய்து கொடுக்கவும்."

இந்தக் கடிதத்தை வங்கி ஏற்கத் தயங்கினால் அது நியாயம்தான். எந்தக் கணக்கு, எந்தெந்த ஆவணம், எதுவரை என்று எதுவுமே அதில் இல்லை. ஏற்றுக்கொண்டாலோ, அது நமக்குத்தான் கூடுதல் ஆபத்து. 'தேவையானது' என்ற சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் நுழைக்கலாம். தங்கை மீது சந்தேகம் இல்லை. ஆனால் கடிதத்தைக் கையில் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், அது சொல்வதற்கு மேல் ஓர் அடிகூட எடுத்து வைக்க இடம் தரக்கூடாது.

முதல் வேலை கிளைக்குப் போன் செய்வது. சில வங்கிகள் தங்கள் படிவத்தில்தான் கேட்கும். சில, வெறும் கடிதம் போதாது, பவர் பத்திரம் வேண்டும் என்று சொல்லும். கடன் இருவர் பெயரில் இருந்தால் கடிதத்திலும் இருவர் கையெழுத்தும் வேண்டியிருக்கும். கடன் வாங்கியபோது ஒப்படைத்த ஆவணங்களுக்கு வங்கி கொடுத்த பட்டியலையும் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். அதை இணைத்துவிட்டால் கடிதத்தில் 'எல்லா ஆவணங்களும்' என்று எழுதத் தேவையே இல்லை. பிறகு கடிதம் இப்படி அமையலாம்:

"வீட்டுக் கடன் கணக்கு எண் …… தொடர்பாக நான் தங்கள் கிளையில் ஒப்படைத்த, இணைப்புப் பட்டியலில் 1 முதல் 6 வரை உள்ள அசல் ஆவணங்களையும், கடன் நிலுவை இல்லை என்ற சான்றையும் நேரில் பெற்றுக்கொள்ளவும், பெற்றதற்கு ஒப்புகைக் கையெழுத்திடவும் என் தங்கை ……க்கு அதிகாரம் அளிக்கிறேன். அவருடைய அடையாள அட்டை நகலும் மாதிரிக் கையெழுத்தும் கீழே உள்ளன. இக்கடிதம் 16.06.2025 முதல் 15.07.2025 வரை மட்டுமே செல்லும். ஆவணங்கள் முழுவதும் பெறப்பட்டதும் காலாவதியாகும். வேறு எந்தக் காரியத்துக்கும், வேறு எவர் மூலமும் இதைப் பயன்படுத்த முடியாது."

அந்தத் தேதிகள் சும்மா போட்டவை அல்ல. கடன் முடிந்த நாள் ஜூன் 2 என்று வைத்துக்கொள்வோம். கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டது. அப்படியானால் கெடு ஜூலை 2. ஆவணங்கள் பல நேரம் கிளையில் இருப்பதில்லை, வேறிடத்துப் பாதுகாப்பறையிலிருந்து வரவேண்டும். வந்து சேர இரண்டு வாரம் ஆகும் என்று கிளையில் சொன்னால் ஜூன் 16-இல் தொடங்கி, கெடுவுக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு முடிப்பது சரியாக இருக்கும். ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதினால், பைல் வருவதற்குள் கடிதம் செத்துப்போகும். தேதியே போடாவிட்டால் அடுத்த வருஷமும் அது உயிரோடு திரியும்.

அடிக்கடி சிக்கல் வருவது கையெழுத்தில். பத்து, பதினைந்து வருஷத்துக்கு முன் வங்கியில் போட்ட கையெழுத்து இப்போது மாறியிருக்கும். சந்தேகம் இருந்தால், புனேயில் அதே வங்கியின் கிளையில் கடிதத்தைக் காட்டி, மேலாளர் முன்னிலையில் கையெழுத்திட்டுச் சான்று வாங்க முடியுமா என்று கேட்கலாம். அடையாள அட்டை நகலின் குறுக்கே எதற்காகக் கொடுக்கிறோம் என்பதையும் தேதியையும் எழுதுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பி, "நீயே எழுதிக்கோம்மா" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இந்தக் கடிதம் வங்கிக் கவுண்டரோடு நின்றுவிடும். அடமானத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் அங்கே பதிய வேண்டும். அப்போதுதான் வில்லங்கச் சான்றில் அது தெரியும். பதிவுக்கு உங்கள் இடத்தில் இன்னொருவர் நிற்க வேண்டுமானால் பதிவுச் சட்டப்படி முறையாகச் சான்று பெற்ற பவர் பத்திரம் வேண்டும். கடிதத்தில் 'பதிவுக்கும் அதிகாரம்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அது பவர் பத்திரம் ஆகிவிடாது.

கவுண்டரில் தங்கை செய்ய வேண்டியது, பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பத்திரத்தையும் பக்கம் பக்கமாகப் புரட்டி, அசல்தானா என்று பார்ப்பது. ஒன்று குறைந்தால் ஒப்புகையில் "வரிசை எண் 4 பெறப்படவில்லை" என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். ஆவணம் தொலைந்திருந்தால் நகல் பெற உதவுவதும் அதற்கான செலவும் வங்கியின் பொறுப்பு. அதற்கு இன்னும் 30 நாள் அவகாசம் உண்டு. அதன் பிறகும் இழுத்தடித்தால் ஒரு நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். எல்லாம் பெற்றுக்கொண்டதாக முழு ஒப்புகை கொடுத்துவிட்டால், பிறகு அதைக் கேட்பது மிகவும் கடினம்.