13,700க்கும் 13,701க்கும் நடுவே

பத்து இலக்கம் காட்டும் கால்குலேட்டரில் e என்ற எண்ணை வரவழைத்தால் 2.718281828 என்று வரும். 1828 என்ற நான்கு இலக்கங்கள் அடுத்தடுத்து இரண்டு முறை வந்திருப்பதைப் பாருங்கள். இனி இப்படியே திரும்பத் திரும்ப வருமோ என்று யாருக்கும் தோன்றும். அப்படி வந்தால் e ஒரு சாதாரணப் பின்னம்தான்; 271801-ஐ 99990-ஆல் வகுத்தால் போதும். அந்தப் பின்னமும் e-யும் தசமப் புள்ளிக்குப் பின் ஒன்பது இடங்கள் வரை அச்சாக ஒன்றாகவே போகின்றன. பத்தாவது இடத்தில்தான் பிரிகின்றன: பின்னத்தில் 1, e-யில் 4.

சரி, இந்தப் பின்னம் இல்லை. இதைவிடப் பெரிய வேறொரு பின்னமாக இருக்கலாமே? கணினியைக் கொண்டு e-யின் பத்துக் கோடி இலக்கங்களை எழுதிப் பார்த்து, எங்கும் சுழற்சி இல்லை என்று சொன்னாலும் அது நிரூபணம் ஆகாது. இருபது கோடி இலக்கங்களுக்கு ஒருமுறை சுழலும் பின்னங்களும் உண்டு. எந்தப் பின்னமும் e ஆகாது, அதாவது e ஒரு விகிதமுறா எண் என்று சொல்ல இலக்கங்களை நம்பிப் பயனில்லை; e எப்படி உருவாகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

1737-இல் இதை முதலில் நிறுவியவர் ஆய்லர். அவர் போன வழி தொடர் பின்னங்களின் வழி. அழகானது, ஆனால் நீளமானது. இங்கே சொல்லப்போவது பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியேயின் வழி. ஸ்டான்வில் என்பவர் 1815-இல் வெளியிட்ட நூலில் அது அச்சாகியிருக்கிறது. பின்னங்களைக் கூட்டத் தெரிந்த எவரும் அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம்.

e-யை ஒரு முடிவிலாத் தொடரின் கூட்டுத்தொகையாக எழுதலாம்:

e = 1 + 1 + 1/2 + 1/6 + 1/24 + 1/120 + 1/720 + 1/5040 + …

இரண்டாவது 1-ஐ 2-ஆல் வகுத்தால் 1/2. அதை 3-ஆல் வகுத்தால் 1/6. அதை 4-ஆல் வகுத்தால் 1/24. இப்படியே போகிறது. ஆகவே கீழே இருக்கும் எண்கள் எல்லாம் 1-லிருந்து தொடங்கி வரிசையாகப் பெருக்கிய பெருக்கங்கள். 1×2×3×4×5×6×7 = 5040; இதை 7! என்று எழுதி ‘ஏழு காரணீயம்’ என்கிறோம்.

இப்போது ஒரு பின்னத்தை எடுத்துச் சோதிப்போம். e-க்கு நெருக்கமான சிறிய பின்னங்களில் ஒன்று 19/7. இதன் மதிப்பு 2.714. e = 19/7 என்றே வைத்துக்கொண்டு இரு பக்கத்தையும் 5040-ஆல் பெருக்குவோம். 5040 ஏழால் வகுபடும் என்பதால் பின்னத்தின் பக்கம் 19 × 720, அதாவது 13,680 என்ற முழு எண் வருகிறது.

தொடரின் பக்கம் என்ன வருகிறது? 1/5040 வரையுள்ள ஒவ்வோர் உறுப்பும் முழு எண்ணாக மாறிவிடுகிறது: 5040 + 5040 + 2520 + 840 + 210 + 42 + 7 + 1 = 13,700. அதற்குப் பின்னால் வரும் உறுப்புகள் முழு எண்ணாக மாறுவதில்லை. அவை 1/8, பிறகு 1/(8×9), பிறகு 1/(8×9×10) என்று இறங்கிக்கொண்டே போகின்றன. இந்த வாலை முழுவதும் கூட்டினால் சுமார் 0.14 வருகிறது. ஆக, e-யின் 5040 மடங்கு 13,700.14.

19/7 அடிபட்டுவிட்டது என்பது இங்கே சின்ன விஷயம். நாம் 19-ஐப் பயன்படுத்தவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கீழே 7 இருக்கும் எந்தப் பின்னத்தை எடுத்தாலும், மேலே எந்த எண் இருந்தாலும், 5040-ஆல் பெருக்கினால் முழு எண்தான் வந்தாக வேண்டும். e-யைப் பெருக்கினால் வருவதோ 13,700க்கும் 13,701க்கும் நடுவில் நிற்கிறது. அங்கே முழு எண் எதுவும் கிடையாது. ஆகவே ஏழில் ஒரு பங்குகளாக எத்தனை அடுக்கினாலும் e-யை எட்ட முடியாது.

7-க்குப் பதில் எந்த எண்ணை வைத்தாலும் இதே கதைதான். e = p/q என்று வைத்துக்கொண்டு இரு பக்கத்தையும் q!-ஆல் பெருக்குங்கள். பின்னத்தின் பக்கம் முழு எண். தொடரின் பக்கத்தில் 1/q! வரையுள்ள உறுப்புகள் முழு எண்கள். மிஞ்சும் வால்:

1/(q+1) + 1/((q+1)(q+2)) + 1/((q+1)(q+2)(q+3)) + …

முழு எண்ணிலிருந்து முழு எண்ணைக் கழித்தால் முழு எண்தான் கிடைக்கும். எனவே e உண்மையில் p/q என்றால் இந்த வாலும் முழு எண்ணாக இருந்தாக வேண்டும். உறுப்புகள் எல்லாம் கூட்டல் குறியோடு வருவதால் அது பூஜ்யம் ஆக முடியாது. எவ்வளவு பெரிதாகலாம் என்பதே கேள்வி. கீழே உள்ள q+2, q+3 எல்லாவற்றையும் q+1 என்று குறைத்து எழுதினால் உறுப்புகள் பெரிதாகும். அப்படிப் பெரிதாக்கிய பிறகு கிடைப்பது பள்ளியில் படித்த பெருக்குத் தொடர். அதன் கூட்டுத்தொகை சரியாக 1/q. வால் அதைவிடச் சிறியது. q 7 என்றால் வால் 1/7-ஐவிடச் சிறியது. மேலே பார்த்த 0.14 அதற்குச் சற்றுக் கீழே நிற்கிறது. q எதுவானாலும் வால் பூஜ்யத்தைவிடப் பெரிது, ஒன்றைவிடச் சிறிது. அந்த இடைவெளியில் முழு எண் இல்லை. e பின்னம் இல்லை.

வால் இவ்வளவு குட்டையாக இருப்பதற்குக் காரணம் காரணீயம் வளரும் வேகம். π-யிடம் இந்த வழி செல்லாது. π = 4 − 4/3 + 4/5 − 4/7 + 4/9 − … என்ற தொடரில் 4/7 வரையுள்ள உறுப்புகளை முழு எண்ணாக்க 105-ஆல் பெருக்க வேண்டும். அடுத்த உறுப்பு மட்டுமே 46-ஐத் தாண்டிவிடுகிறது. ஒன்றுக்குள் அடங்காத அந்த வாலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. π விகிதமுறா எண் என்று 1761-இல் லாம்பர்ட் காட்டினார். அவரும் தொடர் பின்னத்தைத்தான் நாட வேண்டியிருந்தது.

இந்த நிரூபணத்தைப் படிப்பவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ‘காரணீயங்களால் வகுத்துக் கொண்டே போகும் முடிவிலாத் தொடர், ஆகவே பின்னம் ஆகாது’ என்று அவசரமாக முடிவுக்கு வந்துவிடுவார்கள். அவர்களுக்கு நான் தரும் தொடர் இது:

1/2! + 2/3! + 3/4! + 4/5! + …

இங்கும் கீழே காரணீயங்கள்தான். ஆனால் 2/3! என்பது 1/2! − 1/3!; 3/4! என்பது 1/3! − 1/4!. ஒன்றில் கழிவது அடுத்ததில் கூடுவதால் எல்லாம் அடிபட்டுப்போய் மொத்தத் தொகை 1 ஆகிறது. அப்பட்டமான முழு எண். ஃபூரியேயின் வழியை இதில் ஓட்டிப் பார்த்தால் என்ன நடக்கிறது என்பதுதான் ருசியான பகுதி. 7!-ஆல் பெருக்கினால் 6/7! வரை எல்லாம் முழு எண். அடுத்த உறுப்பு 7/8; அதற்கடுத்தது 8/72, அதாவது 1/9; இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் வால் 0.14 போல ஒடுங்கி நிற்பதில்லை, சரியாக 1-இல் போய் முட்டுகிறது. e-யின் வால் ஒன்றை எட்டாமல் நின்றது. இந்தத் தொடரின் வால் ஒன்றைத் தொட்டுவிட்டது.