ஆறைவிடப் பத்தொன்பது மேல்

சித்தூரிலிருந்து ஹைதராபாத் போக ஒருவர் இரண்டு ரயில்களில் இடம் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்லீப்பர் வகுப்பில் வெங்கடாத்ரி எக்ஸ்பிரஸுக்கு GNWL46/WL19 என்று காட்டுகிறது. சபரி எக்ஸ்பிரஸுக்கு PQWL8/WL6. இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டால், "ஆறுதானே, அதையே போடு" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். நானாக இருந்தால் பத்தொன்பதை எடுப்பேன்.

முதலில் அந்தச் சாய்கோட்டின் இரு பக்கமும் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இடப்பக்க எண் வரிசை எண். அந்த ரயிலில், அந்தத் தேதிக்கு, அந்த வகுப்பில் காத்திருப்புச் சீட்டு வாங்கியவர்களில் நீங்கள் 46-ஆவது ஆள். அது ஒருபோதும் மாறாது. வலப்பக்க எண்தான் இன்றைய நிலை. உங்களுக்கு முன்னால் இருந்த 45 பேரில் 27 பேர் ஏற்கெனவே வரிசையிலிருந்து விலகிவிட்டார்கள். சிலருக்கு இடம் கிடைத்திருக்கும், சிலர் சலித்து ரத்து செய்திருப்பார்கள். இன்னும் 18 பேர் முன்னால் நிற்கிறார்கள். டிக்கெட் எடுத்த பிறகு இதே இரண்டு எண்களும் Booking Status, Current Status என்று தனித்தனியாக வரும். பலர் முதலாவதைப் பார்த்துக் கலங்குகிறார்கள். பார்க்க வேண்டியது இரண்டாவதை.

இந்த எண்களைவிட முக்கியமானது அவற்றுக்கு முன்னால் ஒட்டியிருக்கும் நான்கு எழுத்து. திருமலையில் ஒருவர் "எனக்கு முன்னால் இருநூறு பேர்தான்" என்றால், சர்வ தரிசன வரிசையா, 300 ரூபாய் வரிசையா என்றுதானே முதலில் கேட்போம்? இங்கும் அதே கேள்விதான். GNWL என்பது பொதுக் கோட்டாவின் வரிசை. ரயில் புறப்படும் நிலையத்திலிருந்தோ அதை ஒட்டிய நிலையங்களிலிருந்தோ நெடுந்தூரம் போகிறவர்களுக்கு இது வரும். வெங்கடாத்ரி சித்தூரிலேயே புறப்பட்டு, திருப்பதி வழியாக ஹைதராபாத்தின் காச்சிகூடா போகிறது. ஆகவே முதல் நிலையத்திலிருந்து கடைசி நிலையம் வரை போகிற நம் பயணி பொது வரிசையில் நிற்கிறார். ரயிலின் பெர்த்துகளில் பெரும்பங்கு இந்தக் கோட்டாவில்தான் இருக்கிறது. அதனால் ரத்தாகும் இடங்களும் இங்கேதான் அதிகம்.

சபரி எக்ஸ்பிரஸ் திருவனந்தபுரத்தில் கிளம்பி, கோவை, சேலம், காட்பாடி தாண்டிச் சித்தூருக்கு வருகிறது. இடையில் ஏறுகிறவர்களுக்கு அந்த ரயிலில் ஒதுக்கியிருப்பது சிறு பங்குதான். பல இடைநிலையங்கள் சேர்ந்து பகிர்ந்துகொள்ளும் பங்கு என்றால் PQWL. குறிப்பிட்ட ஒரு பெரிய நிலையத்துக்கென்று தனியாகக் கொடுத்த பங்கு என்றால் RLWL. இந்த வரிசைகள் நகர வேண்டுமானால் அந்தச் சிறு பங்குக்குள்ளேயே யாராவது ரத்து செய்ய வேண்டும். திருவனந்தபுரத்தில் பத்துப் பேர் பயணத்தைக் கைவிட்டாலும் சித்தூர்க்காரருக்கு அது நேராக வந்து சேராது. சிறிய பங்கில் ரத்தாவதும் சிறிதுதான். WL6 அப்படியே உறைந்து கிடப்பதற்கு இதுதான் காரணம்.

இனி வெங்கடாத்ரியின் பத்தொன்பதுக்கு வருவோம். அந்த வகுப்பில் 14 பேர் RAC-யில் இருப்பதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். RAC என்றால் பக்கவாட்டுக் கீழ் பெர்த்தை இருவர் பகிர்ந்து உட்கார்ந்து போவது. யாரோ ஒருவர் தம் உறுதியான டிக்கெட்டை ரத்து செய்தால், அந்தப் படுக்கை முதல் RAC பயணிக்குப் போகும். அவர் விட்ட இடத்துக்கு WL1 வருவார். எல்லோரும் ஒரு படி முன்னேறுவார்கள். ஆக, நம்மவர் ரயிலில் ஏற 19 நகர்வு வேண்டும். படுத்துக்கொண்டு போக மேலும் 14 சேர்த்து 33 வேண்டும். வரிசையில் முன்னால் இருப்பவர்கள் விலகினாலும் நகர்வுதான் என்பது ஒரு ஆறுதல்.

இந்த நகர்வு நாளுக்கு இத்தனை என்று சீராக வராது. ரத்துக் கட்டணம் பயண நேரம் நெருங்க நெருங்கப் படிப்படியாக ஏறுகிறது. அதனால் பயணத்தைக் கைவிடுகிறவர்கள் அடுத்த படி ஏறுவதற்கு முன் கைகழுவப் பார்ப்பார்கள். சார்ட் தயாராகும்போது இன்னொரு தாவல் வரும். அவசரக் கோட்டா முதலியவற்றில் நிரம்பாத இடங்கள் அப்போதுதான் காத்திருப்பவர்களுக்குத் திறக்கும். முந்தைய நாள் வரை WL11-இல் நின்றவர் திடீரென்று CNF ஆவது இதனால்தான்.

இப்போது அந்தச் சதவீதம். ஐஆர்சிடிசி தளமும் கன்ஃபர்ம்டிக்கெட், இக்ஸிகோ போன்ற செயலிகளும் "72% வாய்ப்பு" என்று பச்சையிலோ மஞ்சளிலோ காட்டுகின்றன. அது உங்கள் டிக்கெட்டைப் பற்றி யாரோ உள்ளே பார்த்துச் சொன்ன செய்தி அன்று. இதே ரயில், இதே வகுப்பு, இதே வரிசை, ஏறக்குறைய இத்தனை நாள் மீதி என்றிருந்த பழைய டிக்கெட்டுகளைப் பார்த்து, நூற்றுக்குச் சுமார் 72 உறுதியாயின என்று சொல்லும் மதிப்பீடு. மீதி 28 பேருக்கும் அன்று திரை அதே நிறத்தைத்தான் காட்டியிருக்கும். இன்னொன்று, அது படுக்கை கிடைக்கும் வாய்ப்பா, RAC-யையும் சேர்த்துச் சொன்னதா என்று பாருங்கள். நம் கணக்கில் அந்த வித்தியாசம் 14 நகர்வு.

பழையதை வைத்து அளப்பதால், வழக்கம் மாறினால் கணிப்பு தடுமாறும். முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாக 2024 நவம்பர் 1 முதல் ரயில்வே குறைத்தது. 61 முதல் 120 நாள் முன்னால் எடுத்த டிக்கெட்டுகளில் சுமார் 21 சதவீதம் ரத்தாயின என்பது அப்போது ரயில்வே சொன்ன காரணங்களில் ஒன்று. அந்த ரத்துகளை உண்டு வளர்ந்ததுதான் பழைய காத்திருப்பு வரிசையின் வேகம்.

திருப்பதிப் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. 300 ரூபாய் தரிசனச் சீட்டைத் தேவஸ்தானம் சுமார் மூன்று மாதம் முன்பே இணையத்தில் விடுகிறது. ரயில் முன்பதிவு திறப்பது அதற்கு ஒரு மாதம் கழித்து. கையில் தரிசனத் தேதியோடு டிக்கெட் எடுக்கிறவர் லேசில் ரத்து செய்யமாட்டார் என்பது என் எண்ணம். பிரம்மோத்சவம், வைகுண்ட ஏகாதசி, தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் குவியும் புரட்டாசிச் சனி ஆகிய நாட்களில் சாதாரண வாரங்களின் சராசரியை நம்புவது ஆபத்து. வரிசை நகராத நாளில் எல்லோருக்கும் சேர்ந்தே நகராது. ஒரே பி.என்.ஆரில் நான்கு பேர் WL17 முதல் WL20 வரை இருந்தால், நால்வருக்கும் தனித்தனியே அதிர்ஷ்டம் பார்க்க முடியாது. பெரும்பாலும் நால்வரும் ஏறுவார்கள், அல்லது நால்வரும் நிற்பார்கள். வெட்டு நடுவில் விழுந்தால் இருவருக்கு இடம் கிடைத்து, மற்ற இருவரின் பெயர் மட்டும் இடமின்றிச் சார்ட்டில் இருக்கும்.

ஸ்கிரீன்ஷாட் என்பது எடுத்த நிமிடத்தின் நிலை மட்டுமே. நேற்று யாரோ அனுப்பிய படத்தை வைத்து இன்று முடிவெடுக்காதீர்கள். அதிலுள்ள பத்து இலக்க பி.என்.ஆரை 139-இல் கேட்டுப் பாருங்கள். சார்ட் முன்பெல்லாம் புறப்படுவதற்கு நான்கு மணி நேரம் முன்னால் வந்தது. 2025 ஜூலை முதல் அதை முன்னுக்குத் தள்ளிவிட்டதால், காலை ரயில்களுக்கு முந்தைய இரவே தெரிந்துவிடும். சார்ட் வந்த பிறகும் எல்லோருக்கும் WL என்றே இருந்தால், இணையத்தில் எடுத்த டிக்கெட் தானாகவே ரத்தாகிப் பணம் கணக்குக்குத் திரும்பும். அதைக் காட்டி ரயிலில் ஏற முடியாது.