பள்ளிக்குள் ஒளிந்த குறி

இணையத்திலிருந்து எடுத்த கட்டுரை ஒன்றைத் தொகுப்பாளர் கோப்பில் ஒட்டுகிறார். ‘பள்ளி’ என்ற சொல்லின் அடியில் சிவப்புக் கோடு விழுகிறது. எழுத்துப் பிழை ஏதும் கண்ணில் படவில்லை. வலது பொத்தானை அழுத்தினால், ‘பள்ளி’ என்பதற்குப் பதிலாக ‘பள்ளி’ என்று போடலாமே என்கிறது பிழைதிருத்தி. சந்தேகத்தோடு அதே சொல்லைத் தட்டச்சு செய்து தேடிப் பார்க்கிறார். கண்ணெதிரே இருக்கும் சொல் கிடைக்கவில்லை என்று பதில் வருகிறது.

திரையில் ஒன்றாகத் தெரியும் இரண்டும் கணினிக்கு வேறு வேறு சொற்கள். உள்ளே இருக்கும் எண்களைப் பார்த்தால் புரியும்:

```
0BAA 0BB3 0BCD 0BB3 0BBF
0BAA 0BB3 0BCD 200C 0BB3 0BBF
```

முதல் வரியில் ப, ள, புள்ளி, ள, இகரக் கொக்கி என்று ஐந்து குறிகள். இரண்டாம் வரியில் புள்ளிக்குப் பின்னால் 200C என்ற ஆறாவது குறி நுழைந்திருக்கிறது. யூனிகோடில் இதன் பெயர் சீரோ விட்த் நான்-ஜாய்னர். அகலமே இல்லாததால் கண்ணுக்குத் தெரியாது. இரு பக்கத்து எழுத்துகளையும் ஒட்டவிடாமல் தடுப்பதுதான் இதன் வேலை.

இது வேண்டாத குறி அல்ல. பாரசீக மொழியில் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டியே எழுதப்படும். ஆனால் சில முன்னொட்டுகள், அதே சொல்லின் பகுதியாக இருந்தும், தள்ளி நிற்க வேண்டும். இடைவெளி விட்டால் சொல் இரண்டாகிவிடும் என்பதால் இந்தக் குறியைப் போடுகிறார்கள்.

தமிழில் இதற்கு உண்மையான வேலை அநேகமாக ஒரே இடத்தில்தான். க், ஷ இரண்டும் அடுத்தடுத்து வந்தால் எழுத்துரு அவற்றைச் சேர்த்து ‘க்ஷ’ என்ற கூட்டெழுத்தாகக் காட்டிவிடும். ‘ரிக்ஷா’வில் க் தனியாகவும் ஷா தனியாகவும் தெரிய வேண்டும் என்று விரும்புகிறவர்கள் நடுவே இந்தக் குறியை வைக்கிறார்கள். ‘பள்ளி’யில் அதற்கு இடமே இல்லை. தட்டச்சு மென்பொருளோ பழைய எழுத்துரு மாற்றியோ புள்ளி வைத்த எழுத்துக்கெல்லாம் பின்னால் இதைச் சேர்த்துவிட்டால், இணையப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. நகலெடுக்கும்போது அதுவும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

தேடலில் எல்லா மென்பொருளும் ஏமாறுவதில்லை. சொற்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்த யூனிகோடு வகுத்திருக்கும் விதி, இந்தக் குறியைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்கிறது. அதைப் பின்பற்றும் மென்பொருளில் இரண்டு ‘பள்ளி’யும் கிடைக்கும், எண்ணுக்கு எண் ஒப்பிடும் மென்பொருளில் ஒன்று விடுபடும். எழுத்துகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் NFC என்ற யூனிகோடு முறையை ஓட்டினால் சரியாகிவிடும் என்று நிரல் எழுதுகிறவர்களே நினைப்பதுண்டு. அந்த முறை இந்தக் குறியைத் தொடுவதே இல்லை.

இதைவிடக் கவலை தருவது, சிவப்புக் கோட்டின் தொல்லை தாங்காமல் ‘அகராதியில் சேர்’ என்பதை அழுத்திவிடுவது. குறி ஒளிந்த ‘பள்ளி’ அப்போது சரியான சொல்லாகப் பதிவாகிறது. அதன் பிறகு எத்தனை கோப்புகளில் வந்தாலும் பிழைதிருத்தி அதைக் காட்டிக்கொடுக்காது.

கண்டுபிடிப்பது கடினமில்லை. லிப்ரே ஆபிஸின் ‘கண்டுபிடித்து மாற்று’ பெட்டியில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் வசதியை இயக்கி, \u200C என்று தேடினால் போதும். மாற்றுச் சொல்லுக்கான கட்டத்தைக் காலியாக விட்டால் குறிகள் எல்லாம் நீங்கும். ஆனால் ‘ரிக்ஷா’வில் வேண்டுமென்றே வைத்ததும் சேர்ந்து போய், அங்கே கூட்டெழுத்து வந்து நிற்கும். அதைக் காப்பாற்ற வேண்டுமானால் பைத்தானில் ஒரு வரி:

```
import re
s = re.sub(r"(?<!க்)\u200c|\u200c(?!ஷ)", "", s)
```

முன்னால் க், பின்னால் ஷ என்று இரண்டும் இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை இது துடைத்துவிடும்.

அப்படிக் காப்பாற்றிய ‘ரிக்ஷா’வும் தேடலில் அகப்படாமல் போகலாம். அதனால் தேடல் வசதியோ சொற்பட்டியலோ செய்கிறவர்கள் வாசகருக்குக் காட்டும் பிரதியை அப்படியே வைத்துக்கொண்டு, ஒப்பிடுவதற்கென்று குறி நீக்கிய இன்னொரு பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும். வாசகர் தட்டுகிற தேடுசொல்லிலிருந்தும் குறியை நீக்கிவிட்டே ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் துடைத்தால் பழைய சிக்கல்தான்.

இதன் உறவுக்காரக் குறி 200D. எழுத்துகளை ஒட்டச் சொல்வது. தமிழ்ச் சொற்களுக்கு அதனால் பயனில்லை என்று கோப்பு முழுவதும் நீக்கிவிடத் தோன்றும். இலங்கையில் தமிழும் சிங்களமும் கலந்த கோப்பாக இருந்தால் கைவைக்கக் கூடாது. சிங்களத்தில் ‘ஸ்ரீ லங்கா’ என்ற பெயரின் முதல் எழுத்தே அந்தக் குறியால்தான் கூட்டெழுத்தாக நிற்கிறது.