பேசினால் காசு, காத்திருந்தால் இல்லை

நியூ ஜெர்சியில் மகனோடு வசிக்கும் எழுபது வயது அம்மா ஒருவர் சர்க்கரை நோய்க்காக கிளினிக்குக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மகன் வேலைக்குப் போய்விட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. நர்ஸ் மேஜையிலிருக்கும் போனில் ஓர் எண்ணை அழுத்தி, ‘தமிழ்’ என்கிறார். சற்று நேரத்தில், வேறு ஏதோ மாநிலத்தில் தன் வீட்டு அறையில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் லைனில் வருகிறார். பெயர் சொல்வதில்லை, அடையாள எண் மட்டும்தான்.

அரசு நிதி பெறும் மருத்துவமனைகளும் அலுவலகங்களும் மொழி தெரியாதவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதற்கு 1964-ம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம் அடிப்படை. 2010-ல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557-வது பிரிவு அதை இன்னும் இறுக்கியது. அவசர நிலை தவிர, வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்லக் கூடாது. செலவும் நோயாளி தலையில் விழாது.

லைனில் வந்தவர் இரண்டு மொழியிலும் சில வரிகள் சொல்கிறார். நீங்கள் பேசுவது எல்லாவற்றையும் சொல்வேன், எதுவும் வெளியே போகாது, இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். பிறகு அவர் தன் குரலில் பேசுவதே இல்லை. அம்மா “எனக்குத் தலை சுத்துது” என்றால் ஆங்கிலத்திலும் ‘எனக்கு’தான், ‘இந்த அம்மாவுக்கு’ அல்ல. நர்ஸ் பக்கத்திலிருப்பவரிடம் முணுமுணுப்பதும் காதில் விழுந்தால் தமிழில் வந்துவிடும். அம்மா பாசமாக “நீ எந்த ஊரும்மா?” என்று கேட்டால்கூட, பதில் சொல்லாமல் கேள்வியை நர்ஸிடம் மொழிபெயர்க்கிறார். பார்ப்பதற்குக் கல்மனசு போலத் தோன்றும். ஆனால் நர்ஸுக்குப் புரியாமல் அந்த அறையில் ஒரு உரையாடல் நடக்கக் கூடாது.

போனில் தடுமாறும் இடங்கள் இரண்டு. அம்மா “இங்கதான் வலி” என்று தொட்டுக் காட்டுவது லைனில் தெரியாது. நோயாளி ஓர் இடத்தைக் காட்டுகிறார், எனக்குத் தெரியவில்லை என்று மொழிபெயர்ப்பாளர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வீடியோ இருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. இன்னொன்று எண்கள். இன்சுலின் ‘ஃபோர்ட்டீன்’ யூனிட்டா, ‘ஃபோர்ட்டி’யா என்று இரைச்சலில் மங்கினால் ஊகிக்கக் கூடாது. நிறுத்தி, ஒன்று, நான்கு என்று தனித்தனியாகச் சொல்லச் சொல்ல வேண்டும். கடைசியில் அம்மா வாயாலேயே திருப்பிச் சொல்லவைப்பது நல்ல நர்ஸின் வழக்கம். தவறு நடந்திருந்தால் அங்கே பிடிபடும்.

இதற்கெல்லாம் வீட்டில் இரு மொழி பேசி வளர்ந்தது மட்டும் போதாது. மருத்துவ மொழிபெயர்ப்பாளர் தேசியச் சான்றிதழுக்கு 40 மணி நேரப் பயிற்சி குறைந்தபட்சத் தகுதி. அதில் நோய்ப் பெயர்களைவிட ஒழுக்க விதிகளும் குறிப்பெடுக்கும் முறையுமே கடினம் என்பேன். ஸ்பானிஷுக்கு வாய்மொழித் தேர்வு உண்டு. தமிழுக்கு இல்லாததால், ஆங்கிலத்திலேயே நடக்கும் பொதுத் தேர்வுகளோடு நின்றுவிடுகிறது. தமிழ் எப்படி என்று பார்ப்பது அந்தந்த நிறுவனத்தின் சொந்தச் சோதனைதான். அதன் தரம் இடத்துக்கு இடம் மாறும்.

ரகசியத்துக்கு 1996-ம் ஆண்டின் ‘ஹிப்பா’ சட்டம் இருக்கிறது. வீட்டில் அதன் பொருள்: கதவு சாத்திய அறை, குரலுக்கு எழுந்துகொள்ளும் ஸ்பீக்கர் எதுவும் பக்கத்தில் கூடாது, அழைப்பு முடிந்ததும் குறிப்பெடுத்த தாளைக் கிழித்துப் போட வேண்டும். தமிழர் வட்டம் சின்னது என்பதால் நமக்கு வேறொரு தலைவலியும் உண்டு. குரல் கோயிலில் பார்த்த மாமியுடையதாக இருக்கலாம். தெரிந்தவர் என்று புரிந்த கணமே, நோயாளி விவரம் எதையும் கேட்டுக்கொள்ளாமல், வேறொருவரை அழைக்கும்படி சொல்லி விலகிக்கொள்ள வேண்டும்.

விலகினால் அந்த அழைப்பின் காசு போகும். சம்பளம் லைனில் இருக்கும் நிமிடத்துக்குத்தானே. ஒரு கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 60 சென்ட் என்றால் மணிக்கு 36 டாலர், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான்கு மணி நேரம் காத்திருந்ததில் ஒன்பது அழைப்புகள், மொத்தம் 84 நிமிடம் பேசினார் என்றால் கிடைப்பது 50 டாலர் 40 சென்ட். மணிக்கு 12 டாலர் 60 சென்ட். ஸ்பானிஷில் அழைப்பு ஓயாது, தமிழில் இடைவெளி நீளம். பலர் ஊழியராக இல்லாமல் ஒப்பந்தக்காரராக இருப்பதால், சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேருக்குமான 15.3 சதவீத வரியில் முதலாளி பங்கும் அவர் தலையில்தான்.

ஒரு தாய்க்குக் கரு கலைந்த செய்தியைச் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைக்க லாக்-ஆஃப் செய்தால் அந்த நேரத்துக்கும் காசில்லை. அடுத்த மணியை எடுத்தால், மின்கட்டண அலுவலகத்தில் தவணை கேட்கும் ஒருவர் காத்திருப்பார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், நர்ஸ் ஹோல்டில் போட்டுவிட்டுப் போகும் நேரம் கணக்கில் வருமா, 40 நொடியில் துண்டித்துப் போன அழைப்புக்கு என்ன, இத்தனை நிமிடமாவது நிச்சயம் என்று எழுதித் தருவார்களா என்று கேட்டு வாங்குங்கள். ஹோல்ட் நேரத்தைத் தராத இடத்தில், விளம்பரத்தில் சொன்ன சென்ட் கணக்கைப் பார்த்து மயங்குவதில் பயனில்லை.